ஐந்து வரி அதிகம்: உங்கள் ரெஸ்யூமேவுக்கான திருத்தங்கள்

வணக்கம். ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்று நீங்கள் அனுப்பிய ரெஸ்யூமே கோப்பைப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்துக்குப் போயிருப்பது ஐந்தே வரி. எழுத்து 11 பாயிண்டிலேயே இருக்கட்டும், 10-க்கு இறக்காதீர்கள். பிரச்சினை எழுத்தின் அளவில் இல்லை, சொற்களில் இருக்கிறது.

முதலில் தலைப்பகுதி. பெயர், வீட்டு முகவரி, போன், மின்னஞ்சல் என நான்கு வரி போகிறது. பெயருக்கு ஒரு வரி. அதன் கீழே ஊர் | போன் | மின்னஞ்சல் எல்லாம் ஒரே வரியில். கதவு எண்ணும் தெருப் பெயரும் இந்தக் கட்டத்தில் யாருக்கும் தேவையில்லை. இரண்டு வரி மிச்சம்.

அடுத்து, ஒற்றைச் சொல்லுக்காக ஒரு முழு வரியைத் தின்னும் இடங்கள். வேலை அனுபவத்தில் இரண்டு இருக்கின்றன. முதலாவது:

"விற்பனையாளர்களிடமிருந்து வரும் பில்களைச் சரிபார்த்துப் பதிவு செய்யும் பொறுப்பை ஏற்று வெற்றிகரமாகச் செய்து வந்தேன்"

இதை இப்படி மாற்றுங்கள்: "மாதம் 400 பில்கள் சரிபார்ப்பு, பதிவு." அந்த 400 நீங்களே கீழே எழுதியிருக்கும் எண்தான், அதை மேலே கொண்டுவந்தால் போதும். "பொறுப்பை ஏற்று", "வெற்றிகரமாக" இரண்டும் எதையும் சொல்லவில்லை. இரண்டாவது இடத்தில் "தொடர்பான பணிகளை மேற்கொண்டேன்" என்பதை வெட்டினால், தொங்கும் சொல் மேல் வரிக்கு ஏறிவிடும். மேலும் இரண்டு வரி மிச்சம்.

கடைசியில் "பரிந்துரையாளர்கள்: கேட்டால் தரப்படும்" என்று தலைப்பும் வரியுமாக இருப்பதை எடுத்துவிடுங்கள். கேட்டால் தருவீர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மொத்தம் ஆறு வரி.

ஆனால் ஒரு வரி உபரி போதாது, வேறு கணினியில் திறந்தால் திரும்ப வழியும். அதனால் இடைவெளியையும் சரிசெய்யுங்கள். வேர்டில் Ctrl+Shift+8 அழுத்தினால் ¶ குறிகள் தெரியும். பகுதிகளுக்கு இடையே Enter தட்டிப் போட்ட வெற்று வரிகளை நீக்கி, ஒவ்வொரு தலைப்புக்கும் Paragraph பெட்டியில் Before 6 pt கொடுங்கள். Line spacing 1.08 என்றிருப்பதை Single ஆக்குங்கள். காலிப்ரி 11-இல் வரிக்கு சுமார் 1.07 பாயிண்ட்தான் குறையும், கண்ணுக்குத் தெரியாது. 48 வரிக்கு அதுவே சுமார் 51 பாயிண்ட், ஏறக்குறைய நான்கு வரி.

"கல்வி" தலைப்பு இடம் இருந்தும் அடுத்த பக்கத்துக்குத் தாவினால், தலைப்பை அடுத்த பத்தியோடு சேர்த்தே வைக்கும் Keep with next-தான் காரணம். அதை அணைக்காதீர்கள். அணைத்தால் தலைப்பு மட்டும் பக்க அடியில் தனியே நிற்கும். மேலே சொன்ன வரிகள் குறைந்ததும் தானாகச் சேரும்.

மார்ஜினைத் தொடத் தேவையில்லை. தொட்டே ஆக வேண்டுமென்றால் 1 அங்குலத்திலிருந்து 0.75 வரை, அதற்குக் கீழே வேண்டாம். எழுத்துகளை நெருக்கும் Condensed பக்கமே போகாதீர்கள், படிப்பவர் கண் உடனே தடுக்கும்.

முடித்ததும் பிடிஎஃப் ஆக்கி, போனில் திறந்து ஒரே பக்கம்தானா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். வேர்டு கோப்பை அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வரிகள் இடம் மாறிவிடும்.