ஆண்டுப் பணி மதிப்பீடு 2024: ஆய்வக நுட்புநர், உயிர்வேதியியல் பிரிவு

காலம்: 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரை
எழுதுபவர்: உயிர்வேதியியல் பிரிவுப் பொறுப்பாளர்
மதிப்பெண் அளவு: 1 முதல் 5 வரை

இதை உங்களிடம் நேரில் பேசுவதுபோலவே எழுதுகிறேன். படித்துவிட்டு, ஒத்துக்கொள்ள முடியாத இடம் இருந்தால் ஓரத்தில் உங்கள் கைப்பட எழுதித் தாருங்கள். அதுவும் கோப்பில் சேரும்.

துல்லியம்: 4

மாதம் இரண்டு என்ற கணக்கில், ஏற்கெனவே முடிவு தெரிந்த 24 சாம்பிள்களை உங்களுக்குத் தெரியாமல் வழக்கமான சாம்பிள்களோடு கலந்து அனுப்பினேன். 23 சாம்பிள்களின் முடிவு அனுமதித்த வரம்புக்குள் இருந்தது. ஜூலையில் ஒரு கால்சியம் மட்டும் வரம்பை ஒட்டி வெளியே போனது. அன்று ரீஏஜென்ட் லாட் மாறியிருந்ததால் அதை உங்கள் கணக்கில் வைக்கவில்லை.

எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமானது செப்டம்பரில் ஒரு மாலை நடந்தது. வார்டிலிருந்து வந்த சாம்பிளில் பொட்டாசியம் 7.4 காட்டியது. சீரம் தெளிவாக இருந்தது. சிவப்பணு உடைந்த சாயல் துளியும் இல்லை. அப்படியே ரிப்போர்ட்டை விட்டிருந்தாலும் யாரும் உங்களைக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் அதே டியூபின் கால்சியத்தைப் பார்த்தீர்கள்: 4.8. ஏஎல்பியும் மிகக் குறைவு. உடனே வார்டுக்கு போன் செய்து, "ஊதா மூடி டியூபிலிருந்து இதில் ரத்தம் ஊற்றினீர்களா?" என்று கேட்டீர்கள். அளவு போதாமல் அப்படித்தான் ஊற்றியிருந்தார்கள். ஈடிடிஏ உப்பில் உள்ள பொட்டாசியம் அளவை ஏற்றிவிட்டது. அதே ஈடிடிஏ கால்சியத்தைப் பிடித்துக்கொண்டது. புதிதாக எடுத்த சாம்பிளில் பொட்டாசியம் 4.1, கால்சியம் 9.2. முதல் எண்ணை நம்பி, பொட்டாசியத்தைக் குறைக்க அந்த நோயாளிக்கு இன்சுலின் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு கலங்குகிறது.

5 தராததற்குக் காரணம், கையால் பதியும் முடிவுகள். 24 மணி நேரச் சிறுநீர்ப் புரதக் கணக்கில் இரண்டு முறை மொத்த அளவைத் தவறாகப் பதிந்தீர்கள். ஒரு முறை 1500 மில்லி 150 ஆகிவிட்டது; புரதம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்து வெளியே போனது. இரண்டுமே களைப்பான ஷிப்டின் கடைசி மணியில் நடந்தவை. இனி கையால் பதியும் எந்த முடிவையும் இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் வெளியே விட வேண்டும்.

ரிப்போர்ட் தரும் வேகம்: 3

சாம்பிள் லேபுக்கு வந்த நேரம் முதல் ரிப்போர்ட் வெளியாகும் நேரம் வரை கணக்கிட்டிருக்கிறேன். அவசர சாம்பிளுக்கு 60 நிமிடம் என்பது நம் இலக்கு. பகல் ஷிப்டில் 92 சதவீதம் அதற்குள் முடித்திருக்கிறீர்கள். இரவு ஷிப்டில் 84 சதவீதம்தான்.

உங்கள் கை வேகம் குறைவு என்று சொல்லமாட்டேன். காலை 5 மணிக்கு எல்லா வார்டும் ஒரே நேரத்தில் சாம்பிள் அனுப்புகிறது. அவசரத்தில் ரத்தம் முழுதாக உறைவதற்குள் சென்ட்ரிஃபியூஜில் போடுகிறீர்கள். ஃபைப்ரின் இழை ப்ரோபில் அடைத்து, மெஷின் நின்று, எல்லாவற்றையும் திரும்ப ஓட்ட வேண்டியதாகிறது. பத்து நிமிடம் மிச்சம் பிடிக்கப்போய் நாற்பது நிமிடம் இழக்கிறோம். உறைதலைத் தூண்டும் பொருள் இல்லாத டியூபை அரை மணி நேரமாவது விட்டுவிடுங்கள். அவசர சாம்பிள்களை ஹெப்பாரின் டியூபில் வாங்கினால் உறையக் காத்திருக்கவே வேண்டாம். இதை வார்டுகளிடம் பேசி முடிவுக்குக் கொண்டுவருவது என் வேலை; பிப்ரவரிக்குள் செய்கிறேன்.

உயிருக்கு ஆபத்தான முடிவுகளைப் போனில் சொன்ன 63 பதிவுகளைப் பார்த்தேன். 61-இல் நேரம், கேட்டவர் பெயர், அவர் திருப்பிச் சொன்ன எண் மூன்றும் உள்ளன. இரண்டில் பெயர் இல்லை. பெயர் இல்லாவிட்டால் யாரிடம் சொன்னோம் என்பதற்குச் சான்றே இல்லாமல் போகும்.

கருவிப் பராமரிப்பு: 5

நம் பிரிவில் இதற்கு முழு மதிப்பெண் வாங்குபவர் இந்த ஆண்டு நீங்கள் ஒருவர்தான். ப்ரோப் கழுவியது, லாம்ப் மணிக்கணக்கு, காலிபரேஷன் என்று ஒரு நாள்கூடப் பதிவு விடுபடவில்லை. நவம்பரில் ஓர் இரவு ரீஏஜென்ட் ஃபிரிட்ஜ் 11 டிகிரி காட்டியபோது பெட்டிகளை இன்னொரு ஃபிரிட்ஜுக்கு மாற்றி, "கியூசி பார்க்காமல் எடுக்க வேண்டாம்" என்று சீட்டு ஒட்டிவிட்டுப் போனீர்கள். காலையில் வந்தவருக்கு ஒரு போன்கூடத் தேவைப்படவில்லை.

பிழையை மறைக்காமல் சொல்வது: 4

இந்தப் பகுதியை எழுதத்தான் எனக்கு அதிக நேரம் ஆனது. ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு சம்பவங்கள் இருக்கின்றன.

மார்ச்சில் பார்கோடு ரீடர் வேலை செய்யாத அன்று, இரண்டு சாம்பிள் கப்களை இடம் மாற்றி வைத்துவிட்டீர்கள். ரிப்போர்ட் போய் இரண்டு மணி நேரம் கழித்து, ஒருவருடைய கிரியாட்டினின் முந்தைய நாள் முடிவோடு ஒட்டவில்லை என்று நீங்களே கவனித்தீர்கள். அதை யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை. இரண்டு வார்டுகளுக்கும் போன் செய்து, "தவறு என்னுடையது, அந்த ரிப்போர்ட்டை வைத்து எதுவும் செய்ய வேண்டாம்" என்று சொன்னீர்கள். பழைய முடிவை அழிக்காமல், திருத்திய ரிப்போர்ட் என்று குறித்து வெளியிட்டீர்கள். பிறகு நேராக என்னிடம் வந்தீர்கள். உங்கள் கை நடுங்கியது எனக்கு நினைவிருக்கிறது.

ஆகஸ்டில் நடந்தது வேறு. குளுக்கோஸ் கியூசி இரண்டு முறை 3 எஸ்டிக்கு வெளியே விழுந்தது. மூன்றாம் முறை உள்ளே வந்ததும் சாம்பிள்களை ஓட்டிவிட்டு, அந்த மூன்றாவதை மட்டும் பதிவேட்டில் எழுதினீர்கள். முதல் இரண்டும் மெஷின் நினைவகத்தில் அப்படியே இருந்தன. மாதக் கடைசியில் லெவி-ஜென்னிங்ஸ் வரைபடத்தைச் சரிபார்த்தபோது கண்ணில் பட்டது. அன்றைய நோயாளி முடிவுகளை மீண்டும் அலசினோம், யாருக்கும் பாதிப்பில்லை. ஆனாலும் உள்ளே விழும்வரை கியூசியை ஓட்டிக்கொண்டே இருந்தால் அந்தக் கியூசிக்கு அர்த்தமே இல்லை. வெளியே விழுந்த புள்ளிதான் ரீஏஜென்ட் கெட்டதையோ காலிபரேஷன் நகர்ந்ததையோ நமக்குச் சொல்லும்.

கேட்டபோது நீங்கள் மழுப்பவில்லை. "கியூசி தவறினால் மதிப்பீட்டில் குறையும் என்று நினைத்தேன்" என்றீர்கள். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். சென்ற ஆண்டுவரை தானாகச் சொன்ன பிழைகளையும் எண்ணித்தான் நான் மதிப்பெண் போட்டேன். அது என் தவறு. இந்த ஆண்டு முதல் தானாக முன்வந்து சொன்ன பிழைக்கு மதிப்பெண் குறையாது. பதிவில் விடுபட்ட பிழைக்கு மட்டுமே குறையும். உங்களுக்கு ஒரு மதிப்பெண் குறைந்தது ஆகஸ்டுக்காக. மார்ச்சுக்காக எதுவும் குறையவில்லை.

அடுத்த ஆண்டுக்கு

இரவு ஷிப்டில் அவசர சாம்பிள்களில் 90 சதவீதம் 60 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். தவறிய ஒவ்வொரு கியூசியும், என்ன செய்தீர்கள் என்ற குறிப்போடு பதிவேட்டில் இருக்க வேண்டும். கருவிப் பராமரிப்பைப் புதிதாகச் சேர்ந்த இருவருக்கும் நீங்கள்தான் கற்றுத்தர வேண்டும்; அதற்கு வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன்.

மொத்தம் 20-க்கு 16. முதுநிலை நுட்புநர் பொறுப்புக்கு உங்கள் பெயரைப் பரிந்துரைக்கிறேன். அந்தப் பரிந்துரைக் கடிதத்தில் நான் முதலில் குறிப்பிட்டிருப்பது மார்ச் மாதச் சம்பவத்தை. ஆகஸ்டையும் எழுதியிருக்கிறேன், கையெழுத்திடும் முன் இரண்டையும் படித்துப் பாருங்கள்.