அரசூர் ஃபவுண்டரியும் நாமும் ஒரே கம்பெனி ஆகிறோம்: ஜூன் 15, திங்கள்

பெறுநர்: கணபதி, அரசூர் இரண்டு இடத்திலும் உள்ள அனைவரும்
(மெயில் பார்க்காத ஷிஃப்ட் ஆட்களுக்காக இதையே பிரிண்ட் எடுத்து இரண்டு கேட்டிலும் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்)

எல்லோருக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் பம்ப் கம்பெனியும் அரசூர் ஃபவுண்டரியும் இணைவதற்கு இரண்டு போர்டுகளும் சனிக்கிழமை மாலை ஒப்புதல் கொடுத்துவிட்டன. அரசூர் கம்பெனி நம்மோடு சேர்கிறது, பிராண்டு பெயர் இப்போது இருப்பதுதான். இரண்டு ஃபேக்டரியும் அந்தந்த இடத்திலேயே ஓடும்.

இது உங்களில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். போன வாரம் பல்லடத்து டீலர் ஒருவர் நம் டிஸ்பேட்ச் பையனிடம் "என்னப்பா, கம்பெனியை வித்துட்டாங்களாமே" என்று கேட்டிருக்கிறார். டீக்கடைக்கு வந்த பிறகு ஷாப்ஃப்ளோருக்கு வருவது சரியில்லை, அது என் தப்பு. போர்டு முடிவாகும் முன்னால் சொல்லக்கூடாது என்று ஆடிட்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், குறைந்தபட்சம் "பேச்சு நடக்கிறது" என்றாவது சொல்லியிருக்கலாம். யாரும் எதையும் விற்கவில்லை. அரசூர் அண்ணன் குடும்பத்துக்குப் பணம் கிடையாது, நம் கம்பெனியில் பங்கு கொடுக்கிறோம். அவரும் போர்டில் இருப்பார்.

ஏன் இதைச் செய்கிறோம் என்பதற்கு ஏப்ரலில் நடந்ததைச் சொன்னால் போதும். 340 பம்ப் கேசிங் வந்தது, பார்வைக்குப் பளிச்சென்று இருந்தது, லேத்தில் ஏற்றி முகம் வெட்டிய பிறகுதான் உள்ளே புளோ ஹோல் தெரிந்தது, வெட்டியும் தெரியாமல் தப்பியவை ஹைட்ரோ டெஸ்டில் வியர்த்துக்கொண்டு நின்றன. பேட்டர்ன் நம்முடையது, மணல் அவர்களுடையது. தப்பு பேட்டர்னிலா, மணல் ஈரத்திலா என்று 11 நாள் சண்டை. இங்கிருந்து டெபிட் நோட் போனது, அங்கிருந்து அது அப்படியே திரும்பி வந்தது, நானும் அண்ணனும் போனில் குரலை உயர்த்திக்கொண்டோம், அசெம்பிளி லைன் சும்மா கிடந்தது. கடைசியில் அரசூர் மோல்டிங் மேஸ்திரியும் நம் குவாலிட்டி ஆளும் ஒரே பைக்கில் போய் மணலைக் கையில் பிடித்துப் பார்த்து ஒரு மதியத்தில் தீர்த்தார்கள். அவர்கள் இருவரும் ஒரே கம்பெனியில் இருந்திருந்தால் அந்த 11 நாளும் மிச்சம். 19 வருடமாக நம் கேஸ்டிங்கில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது, இன்னும் இரண்டு தனி வீடு மாதிரி பில் போட்டுக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

இன்னொரு காரணம் சோலார் பம்ப். பிஎம்-குசும் மாதிரி திட்டங்களின் டெண்டர்களில் விற்றுமுதல் எவ்வளவு, நிகர மதிப்பு எவ்வளவு என்று கேட்கிறார்கள். தனித்தனியாக நின்று சென்ற வருடம் இரண்டு டெண்டரில் வாசலோடு திரும்பினோம்.

சரி, உங்களுக்கு முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

சம்பளம் இப்போது வருவது அப்படியே வரும், அதே தேதியில். சர்வீஸ் எங்கும் உடையாது. அரசூரில் 2009-இல் சேர்ந்தவருக்கு கிராஜுவிட்டி 2009-இலிருந்தே கணக்காகும். பி.எஃப்.-இல் உங்கள் யு.ஏ.என். எண் மாறாது, அரசூர் ஆட்களுக்கு அதற்குக் கீழே உள்ள மெம்பர் ஐ.டி. மட்டும் மாறலாம். அப்படி மாறினால் டிரான்ஸ்ஃபர் வேலையை ஹெச்.ஆர். பார்க்கும். இந்தச் சாக்கில் யாராவது "பழைய பி.எஃப்.-ஐ எடுத்துத் தருகிறேன், கமிஷன் கொடு" என்று வந்தால் தயவுசெய்து விரட்டிவிடுங்கள்.

இந்தத் தீபாவளி போனஸ் அவரவர் பழைய கணக்குப்படிதான். இரண்டு இடத்துக்கும் சதவீதம் வேறு என்பது இனி ரகசியமாக இருக்கப்போவதில்லை, அடுத்த வருடத்துக்கு ஒரே கணக்கு கொண்டுவர வேண்டும். எப்படி என்று இன்னும் முடிவாகவில்லை. எந்தப் பக்கத்துக்கும் இப்போது வாங்குவதைவிடக் குறையாது என்பது மட்டும் முடிவு.

ஷிஃப்ட் நேரத்தை ஒன்றாக்கும் எண்ணமே இல்லை. காலை 6 முதல் 10, மாலை 6 முதல் 10 பீக் ஹவர் கட்டணத்தில் ஃபர்னஸை ஓட்டினால் கரண்ட் பில்லே நம்மை உருக்கிவிடும். அரசூரில் ராத்திரி உருக்குவது தொடரும், கணபதியில் யாரையும் ராத்திரிக்கு வரச் சொல்லப்போவதில்லை.

இப்போது கசப்பான பகுதி. கணக்கு, பர்ச்சேஸ், ஹெச்.ஆர். மூன்றிலும் இரண்டு இடத்தையும் சேர்த்து 23 பேர் இருக்கிறீர்கள். இன்று அரசூரிலிருந்து ஒரு லோடு கேஸ்டிங் வந்தால் அங்கே ஜி.எஸ்.டி. இன்வாய்ஸ் போடுகிறார்கள், இங்கே அதை என்ட்ரி போடுகிறோம், மாதக் கடைசியில் இரண்டும் ஒத்துவராமல் இரண்டு பக்கமும் உட்கார்ந்து தேடுகிறோம். இணைந்த பிறகு அதற்கு ஒரு டெலிவரி சலான் போதும். அதாவது வேலை குறையும், அதை மறைத்து எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். இணைப்பைக் காரணம் காட்டி 2028 மார்ச் 31 வரை ஒருவரையும் அனுப்பமாட்டோம், இது போர்டு தீர்மானத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனால் அதே நாற்காலி, அதே வேலை என்று உறுதி தர முடியாது. சிலர் டெண்டர், சர்வீஸ், ஸ்டோர்ஸ் பக்கம் மாற வேண்டிவரும், சிலருக்கு இடமும் மாறும். இடம் மாறினால் பஸ் வசதி நம் கம்பெனியின் பொறுப்பு. இந்த 23 பேரோடும் ஜூலை 10-க்குள் தனித்தனியாக நானே பேசுகிறேன், துறைத் தலைவர்களை விட்டுப் பேசவிடப் போவதில்லை.

எப்போது முடியும்? கம்பெனிகள் சட்டம் 2013-இன் 230 முதல் 232 வரையிலான பிரிவுகளின்படி, சென்னையில் உள்ள தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் அனுமதிக்க வேண்டும். பங்குதாரர்கள், கடன் கொடுத்தவர்கள் ஒப்புதல், வருமான வரித்துறைக்கும் மற்ற அரசு அலுவலகங்களுக்கும் நோட்டீஸ், அவர்கள் ஆட்சேபம் சொல்ல 30 நாள், அப்புறம் விசாரணை, ஆர்டர், அதைக் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்வது என்று வரிசையாக இருக்கிறது. பத்து மாதமாவது ஆகும் என்கிறார் வக்கீல், நான் ஒரு வருடம் என்று வைத்துக்கொள்கிறேன். அதுவரை சட்டப்படி நாம் இரண்டு கம்பெனிதான். இன்வாய்ஸ், கேட் பாஸ், டெபிட் நோட் எல்லாம் பழையபடி. "இனி ஒண்ணுதானே" என்று பேப்பர் இல்லாமல் ஒரு இம்பெல்லரைக்கூட வெளியே அனுப்பாதீர்கள்.

டீலர்களும் சப்ளையர்களும் கேட்டால் "ஆமாம், இணைகிறோம், ஆர்டரும் பேமென்ட்டும் பழையபடிதான்" என்று சொன்னால் போதும். அவர்களுக்குத் தனிக் கடிதம் நாளை போகிறது. இந்த மெயிலை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள் என்று சொல்ல நினைத்தேன், சொன்னாலும் போடுவீர்கள், அதனால் போடுவதென்றால் முழுசாகப் போடுங்கள்.

புதன் மாலை 3:30-க்கு கணபதி அசெம்பிளி ஹாலில் நானும் அண்ணனும் இருப்போம். வியாழன் இரவு 9 மணிக்கு, ஃபர்னஸ் போடுவதற்கு முன்னால், அரசூரில். எதையும் கேளுங்கள், எல்லோர் முன்னாலும் கேட்கச் சங்கடம் என்றால் பஞ்சிங் மெஷின் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம், பேர் எழுத வேண்டாம். ஹெச்.ஆர். எக்ஸ்டென்ஷன் 214. பதில் தெரியாத கேள்விக்குத் தெரியாது என்றே சொல்வோம், பதில் எப்போது வரும் என்ற தேதியோடு.

அன்புடன்,
நிர்வாக இயக்குநர், கணபதி

பி.கு: அரசூர் கேன்டீனில் சாப்பாடு 20 ரூபாய், இங்கே 35 என்று சனிக்கிழமையே நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். ஆகஸ்ட் 1 முதல் இரண்டு இடத்திலும் 20.