கசிந்த காஸ்டிங்: இரு நிறுவனப் பேச்சுவார்த்தைப் பயிற்சி

பொதுத் தாள் (இரு தரப்புக்கும்)

பம்பு தயாரிக்கும் ஒரு நிறுவனம், தனக்கு 11 ஆண்டுகளாக உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றி காஸ்டிங் தரும் ஃபவுண்டரியிடம் 4,000 பம்பு உறைகளுக்கு ஆர்டர் கொடுத்தது. ஒன்றின் விலை 3,000, மொத்தம் 120 லட்சம். (நாணயப் பெயரை வேண்டுமென்றே போடவில்லை.) முன்பணமாகப் பாதி கொடுத்தாகிவிட்டது. மீதி 60 லட்சத்தை ஐந்து மாதமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

காரணம் கசிவு. உறைகளைக் கடைசல் செய்து, வேலை அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கில் தண்ணீர் ஏற்றிச் சோதித்தபோது 620 உறைகளில் நீர் துளிர்த்தது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சுவருக்குள்ளே ஊசிமுனை அளவு துளைகள்.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்திருக்கிறது. ஆர்டர் பாதியில் இருக்கும்போது பம்பு நிறுவனம் டிராயிங்கை மாற்றியது: எடை குறைய வேண்டும் என்று ஒரு பகுதியின் சுவர்த் தடிமனை 8 மில்லிமீட்டரிலிருந்து 6 ஆக்கியது. மின்னஞ்சலில் கேட்டார்கள். ஃபவுண்டரியிலிருந்து "சரி, செய்கிறோம்" என்று ஒரே வரியில் பதில் போனது. மாற்றத்துக்கு முன் ஊற்றியவை 1,600, பின் ஊற்றியவை 2,400.

ஒப்பந்தத்தில் மூன்று பிரிவுகள் இந்தத் தகராறுக்கு முக்கியம்.

பிரிவு 7: குறை இருந்தால் சரக்கு பெற்ற 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். சரக்கு மூன்று தவணையாக வந்தது. கடைசித் தவணை வந்த 24ஆம் நாள் தொலைபேசியில் சொன்னார்கள், 43ஆம் நாள் கடிதம் போனது. உள்ளே மறைந்திருக்கும் குறைக்குத் தனிக் கெடு உண்டா என்பது பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தை இல்லை.

பிரிவு 12: மறைமுக இழப்புக்கு எந்தத் தரப்பும் பொறுப்பல்ல.

பிரிவு 15: தகராறு வந்தால் முதலில் நேர்ப்பேச்சு, பிறகு சமரசம், அதுவும் முடியாவிட்டால் நடுவர் தீர்ப்பு.

பம்பு நிறுவனம் கேட்பது: கெட்ட உறைகளின் விலை 18.6 லட்சம், அவற்றின் மேல் வீணான கடைசல் கூலி 6.2 லட்சம், தாமதத்துக்காகத் தன் வாடிக்கையாளர் விதித்த அபராதம் 15 லட்சம். ஆக 39.8 லட்சம் கழித்துக்கொண்டு 20.2 லட்சம் தரத் தயார் என்கிறது. ஃபவுண்டரி கேட்பது 60 லட்சம் முழுதும், அதோடு ஐந்து மாத வட்டி 3 லட்சம்.

கடித வாசகத்தாலும் மனக்கசப்பு உண்டு. பம்பு நிறுவனத்தின் தரப்பிரிவு அனுப்பிய கடிதத்தில் "தரமற்ற சரக்கு" என்று இருந்தது. அதன் நகல் வேறு இரண்டு பம்பு நிறுவனங்களுக்கும் போயிருக்கிறது.

பிரிவு 15இன்படி நடக்கும் முதல் நேர்ப்பேச்சு இது. பம்பு நிறுவனத்துக்குக் கொள்முதல் தலைவரும் நிதி அதிகாரியும் வருகிறார்கள். ஃபவுண்டரிக்கு உரிமையாளரும், கணக்கையும் ஆர்டர்களையும் பார்த்துக்கொள்ளும் அவர் மகளும். தயாரிப்புக்கு 40 நிமிடம், பேச்சுக்கு 75 நிமிடம். இடையில் ஒரு முறை வெளியே போய் உங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். உடன்பாடு எட்டினால் தொகை, தேதி, பொறுப்பு எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி நால்வரும் கையெழுத்திடுங்கள். உடன்பாடு இல்லாமல் எழுந்து போவதும் ஒரு முடிவுதான், அதற்காக மதிப்பெண் குறையாது.

ஒரு விதி மட்டும் இருவருக்கும் பொது. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கலாம், பதில் சொல்ல மறுக்கலாம். பொய் சொல்லக் கூடாது. தாளில் இல்லாத உண்மையை இட்டுக்கட்டவும் கூடாது.

ரகசியத் தாள்: பம்பு நிறுவனம் மட்டும்

இதை எதிர்த்தரப்பிடம் காட்டாதீர்கள். இதிலுள்ளவற்றில் எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பது உங்கள் விருப்பம்.

அபராதம் 15 லட்சம் என்று கடிதத்தில் எழுதினீர்கள். அப்போது அது உண்மை. பிறகு வாடிக்கையாளரிடம் பேசி 8 லட்சமாகக் குறைத்துவிட்டீர்கள். இது ஃபவுண்டரிக்குத் தெரியாது. "15 லட்சம் கட்டினோம்" என்று இனி சொன்னால் அது பொய்.

உங்கள் தரப்பிரிவு கசிந்த உறைகளை ஹீட் நம்பர்படி, அதாவது எந்த உருக்கில் ஊற்றியது என்பதைக் காட்டும் எண்படி, எண்ணி வைத்திருக்கிறது. டிராயிங் மாற்றத்துக்கு முன் ஊற்றியவற்றில் கசிந்தவை 90. மாற்றத்துக்குப் பின் வந்ததில் ஹீட் 41 முதல் 46 வரை ஆறு ஹீட்டுகளில் மட்டும் 280. மற்ற எல்லா ஹீட்டுகளையும் சேர்த்து 250. அந்த ஆறில் மட்டும் ஏன் இவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாது. ஃபவுண்டரிக்குத் தெரிந்திருக்கலாம்.

டிராயிங் விஷயத்தில் நீங்கள் பலவீனமாக இருக்கிறீர்கள். "சாம்பிள் ஊற்றிச் சோதித்துவிட்டு மாற்றலாம்" என்று உங்கள் டிசைன் பிரிவில் ஒருவர் எழுதியிருந்தார். அவசரத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை.

கசிந்ததில் 200 உறைகள் உங்களுடைய குறைந்த அழுத்த மாடலுக்குப் போதும் என்று சோதனையில் தெரிந்திருக்கிறது. அதில் உங்களுக்கு சுமார் 4 லட்சம் மிச்சம்.

இன்னும் பத்து வாரத்தில் 6,000 உறைகள் வேண்டும். புது ஆர்டர் கையில் இருக்கிறது. வேறு ஃபவுண்டரிக்குப் போனால் சாம்பிள், ஒப்புதல் என்று நான்கு மாதம் ஆகும். மணலில் அச்சுப் பதிக்கும் மாதிரியான பேட்டர்ன் உங்களுடையதுதான், ஆனால் இப்போது அவர்கள் கூடத்தில் கிடக்கிறது. பத்து வாரத்தில் வந்து சேரும் என்றால் உறைக்கு 3,300 வரை கொடுக்கலாம். ஆர்டர் இருக்கிறது என்று முதல் நிமிடமே சொன்னால் விலை ஏறும். கடைசிவரை சொல்லாவிட்டால் அவர்கள் இறங்கி வர ஒரு காரணமும் இருக்காது. எப்போது சொல்வதென்று தயாரிப்பிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

பழைய கணக்கை 30 லட்சத்தில் முடித்தால் நிர்வாகம் உங்களைப் பாராட்டும். 48 லட்சத்துக்கு மேல் ஒப்புக்கொள்ள உங்களுக்கு அதிகாரம் இல்லை. நடுவர் தீர்ப்புக்குப் போனால் ஒன்றரை ஆண்டு இழுக்கும், உங்கள் செலவு மட்டும் 9 லட்சம் என்கிறார் வழக்கறிஞர். 43ஆம் நாள் கடிதத்தையும் பிரிவு 12ஐயும் பார்த்தால், 40 முதல் 50 லட்சம் கட்டச் சொல்வார்கள் என்பது அவர் கணிப்பு.

கடிதத்தைத் திரும்பப் பெறுவதில் உங்களுக்குச் செலவில்லை. தரப்பிரிவுத் தலைவர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான்.

ரகசியத் தாள்: ஃபவுண்டரி மட்டும்

இதை எதிர்த்தரப்பிடம் காட்டாதீர்கள்.

உங்களை உறுத்துவது அச்சு செய்யும் மணல். ஹீட் 41 முதல் 46 வரை ஊற்றிய வாரத்தில் விடாத மழை. மணல் சேமிக்கும் இடத்தில் கூரை ஒழுகியது. ஈரம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்ததென்று மணல் ரிஜிஸ்டரில் பதிவாகியிருக்கிறது. ஈர மணலில் ஊற்றினால் நீராவி உலோகத்துக்குள் புகுந்து துளை விழும், இது உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அந்த ஹீட்டுகளில் எத்தனை உறை கசிந்தது என்ற கணக்கு உங்களிடம் இல்லை. பத்தோ, முந்நூறோ.

"மணல் எப்படி இருந்தது?" என்று நேரடியாகக் கேட்டால் "நன்றாக இருந்தது" என்று சொல்லக் கூடாது. பதில் சொல்ல மறுக்கலாம், மறுப்பதே ஒரு பதிலாகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். நீங்களே முந்திக்கொண்டு சொல்லி, பதிலுக்கு அவர்களுடைய எண்ணிக்கையைக் கேட்பது இன்னொரு வழி.

சுவர் 6 மில்லிமீட்டரானதில் உங்களுக்கு உண்மையிலேயே கோபம். அந்த மெல்லிய பகுதிக்கு உலோகம் சரியாகப் போய்ச் சேர, அச்சுக்குள் அது ஓடும் வழியான ரன்னரை மாற்றியிருக்க வேண்டும். அதற்கு நேரம் கேட்காமல் "சரி" என்று எழுதியவர் உரிமையாளரேதான். மகள் அப்போதே ஆட்சேபித்தார். பேச்சு மேஜையில் அப்பாவும் மகளும் இதற்காக முறைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆறு வாரத்தில் வங்கிக்கு 35 லட்சம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கடன் வரம்பைக் குறைத்துவிடுவார்கள், அப்புறம் மூலப்பொருளான பன்றி இரும்பு வாங்கக்கூடப் பணம் இருக்காது. அதனால் எவ்வளவு வருகிறது என்பதைப் போலவே எப்போது வருகிறது என்பதும் முக்கியம். பழைய கணக்குக்கு 40 லட்சத்துக்குக் கீழே இறங்க வேண்டாம். 35 லட்சம் ஆறு வாரத்துக்குள் கைக்கு வந்து, உறுதியான புது ஆர்டரும் கிடைத்தால் மட்டும் 36 வரை இறங்கலாம். நடுவர் தீர்ப்பில் ஜெயிக்கலாம், ஆனால் ஒன்றரை ஆண்டு கழித்து வரும் பணம் இந்தக் கடனைக் காப்பாற்றாது. அதற்கு உங்கள் செலவும் 9 லட்சம் ஆகும்.

புது ஆர்டர் வந்தால் இன்றைய விலையில் உறைக்கு 400 லாபம் நிற்கும். 3,200 கேளுங்கள், 3,000க்குக் கீழே போகாதீர்கள். மாதம் 3,000 உறை ஊற்ற உங்களால் முடியும்.

உங்களிடம் ஒரு நல்ல சீட்டு இருக்கிறது. வெற்றிடத்தில் ரெசினை ஊட்டி நுண்துளைகளை அடைக்கும் ஒரு பட்டறையில் கசிந்த உறைகள் 30ஐக் கொடுத்துப் பார்த்தீர்கள். 21 உறைகள் அதே அழுத்தத்தில் தாங்கின. ஒன்றுக்குச் செலவு 250. பம்பு நிறுவனம் இதை ஏற்குமா, அதன் வாடிக்கையாளர் ஏற்பாரா என்பது வேறு கேள்வி.

கடித விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். நகல் போன இரண்டு நிறுவனங்களில் ஒன்று உங்களிடம் விலை கேட்டிருந்தது, கடிதத்துக்குப் பிறகு பேச்சே இல்லை.

ஆசிரியருக்கு

பேச்சுக்குப் பிறகு எல்லா அணிகளின் தொகைகளையும் பலகையில் எழுதுங்கள். உடன்பாட்டு எல்லை 36க்கும் 48க்கும் நடுவில் இருக்கிறது. அதற்குள் எங்கே முடிந்தது என்பதை மட்டும் பேசினால் வகுப்பு பத்து நிமிடத்தில் காலியாகிவிடும்.

ஹீட் எண்ணிக்கை ஒரு தாளிலும் மணல் ரிஜிஸ்டர் இன்னொன்றிலும் இருக்கிறது. இரண்டையும் மேஜைக்குக் கொண்டுவந்த அணி எது, யார் முதலில் வாய் திறந்தார்கள், எதை நம்பித் திறந்தார்கள் என்று கேளுங்கள். விலையும் கூலியும் சேர்த்து உறைக்கு 4,000 நஷ்டம். ஈர மணலின் 280க்கு 11.2 லட்சம், தடிமன் குறைத்த பின் வந்த மற்ற 250க்கு 10 லட்சம், பழைய 90க்கு 3.6 லட்சம். மணலையும் பழையதையும் ஃபவுண்டரி ஏற்றால் 60இல் 14.8 கழித்து 45.2 லட்சம் வரும். இதுதான் விடை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்: அந்த 280க்கும் சுவர் மெல்லியதுதான். ரெசின் சேமிப்பை யார் எடுத்துக்கொள்வது என்பதும் திறந்தே இருக்கிறது.

அபராதத்தைப் பற்றி "15 லட்சம் போட்டார்கள்" என்று இறந்தகாலத்தில் நிறுத்திக்கொள்ளும் மாணவர் அநேகமாக ஒருவராவது இருப்பார். வாக்கியம் உண்மை, எண்ணம் ஏமாற்றுவது. விதியை மீறினாரா இல்லையா என்று வகுப்பையே வாதாட விடுங்கள். நேரம் போதவில்லை என்றால் மற்றதை விட்டுவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரகசியத் தாள்களைத் திரும்ப வாங்கிவிடுங்கள். அடுத்த பிரிவு மாணவர்கள் இன்னும் இந்தப் பயிற்சியைச் செய்யவில்லை.