கோத்தகிரி தையல் யூனிட்: மூன்று ஆண்டு லாப நட்ட மதிப்பீடு (2026-27 முதல் 2028-29 வரை)

முத்ரா திட்டத்தின் கிஷோர் பிரிவில் ரூ. 3,00,000 கடன் கேட்டு வங்கிக்குக் கொடுக்கும் தொழில் திட்டத்தின் வரவு செலவுப் பகுதி இது. ஒன்பது வருடமாக வீட்டிலேயே பிளவுஸ், சுடிதார் தைத்து வருகிறேன். இப்போது ஜான்சன் சதுக்கம் பக்கம் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, இரண்டு டெய்லர்கள், ஒரு உதவியாளருடன் யூனிட்டாக நடத்தப் போகிறேன். கீழே உள்ள விலைகள் எல்லாம் நான் இன்று வாங்கும் கூலியை வைத்துப் போட்டவை.

முதலீடு

பவர் மெஷின் 3, ஓவர்லாக் 1, ஜிக்ஜாக் 1, அயர்ன் பாக்ஸும் மேசையும், இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் சேர்த்து ரூ. 1,50,000. கட்டிங் டேபிள், அலமாரி, கண்ணாடி, டிரையல் ரூம் தடுப்புக்கு ரூ. 40,000. கடை அட்வான்ஸ் ரூ. 60,000. கையிருப்புச் சரக்கு, முதல் சில மாதக் கூலி ஆகியவற்றுக்கு ரூ. 1,30,000. மொத்தம் ரூ. 3,80,000, இதில் என் கைப்பணம் ரூ. 80,000. வீட்டில் இருக்கும் பழைய பெடல் மெஷினும் கடைக்கு வரும். அதற்கு மதிப்புப் போடவில்லை, ஆனால் மழையில் மரம் விழுந்து கரண்ட் போகும் நாட்களில் அதுதான் கை கொடுக்கும்.

வருமானம்

| வேலை | 2026-27 | 2027-28 | 2028-29 |
|---|---|---|---|
| லைனிங் பிளவுஸ் | 1,100 × 350 = 3,85,000 | 1,300 × 350 = 4,55,000 | 1,400 × 380 = 5,32,000 |
| சாதா பிளவுஸ் | 700 × 180 = 1,26,000 | 700 × 180 = 1,26,000 | 650 × 200 = 1,30,000 |
| சுடிதார் செட் | 500 × 400 = 2,00,000 | 600 × 400 = 2,40,000 | 650 × 430 = 2,79,500 |
| பள்ளிச் சீருடை செட் | 400 × 450 = 1,80,000 | 600 × 450 = 2,70,000 | 750 × 480 = 3,60,000 |
| பீகோ, ஃபால், ஆல்டரேஷன் | 84,000 | 96,000 | 1,02,000 |
| மொத்தம் | 9,75,000 | 11,87,000 | 14,03,500 |

சீருடை செட் ஒன்றை இரண்டு உருப்படியாகக் கணக்கிட்டால் முதல் ஆண்டில் 3,100 உருப்படி வருகிறது. 290 வேலை நாளுக்குப் பிரித்தால் நாளைக்குப் பத்து, பதினொன்று. என்னையும் சேர்த்து மூன்று பேர் உட்காரும் கடைக்கு இது எட்டாத எண் இல்லை. இரண்டாம் ஆண்டு கூலியை ஏற்றவில்லை. புதுக் கடை வைத்த மறு வருடமே விலையைக் கூட்டினால் வருகிறவர்கள் பழைய டெய்லரிடமே திரும்பிப் போய்விடுவார்கள்.

பன்னிரண்டு மாதமும் ஒரே மாதிரி வரவு இருக்காது. ஏப்ரல் முதல் ஜூன் வரை சீருடையும் கல்யாணமும் சேர்ந்து வரும். மூன்றாவது டெய்லரை அந்த மாதங்களுக்கு மட்டும், இரண்டாம் ஆண்டிலிருந்து வைக்கிறேன். தீபாவளி, அப்புறம் ஹெத்தையம்மன் பண்டிகை, பொங்கல் வரை மறுபடி ஓட்டம். ஜூலை, ஆகஸ்டில் கடை தூங்கும். அதோடு, இங்கே பாதிப் பேர் வீட்டில் தேயிலைப் பணம்தான். பசுந்தேயிலை விலை இறங்கிய மாதத்தில் லைனிங் பிளவுஸ் கேட்டவர் சாதா பிளவுஸ் போதும் என்பார். அதனால்தான் சாதா பிளவுஸைக் கணக்கிலிருந்து எடுக்காமல் வைத்திருக்கிறேன்.

செலவும் லாபமும்

| விவரம் | 2026-27 | 2027-28 | 2028-29 |
|---|---|---|---|
| லைனிங், நூல், ஹூக், ஜிப், ஃபால் | 1,45,000 | 1,73,000 | 1,99,500 |
| டெய்லர் பீஸ் கூலி | 2,65,000 | 3,45,500 | 4,20,500 |
| உதவியாளர் சம்பளம் | 96,000 | 1,02,000 | 1,08,000 |
| தீபாவளி போனஸ் | 15,000 | 20,000 | 25,000 |
| வாடகை | 84,000 | 88,200 | 92,600 |
| மின்சாரம் | 21,600 | 24,000 | 27,000 |
| மெஷின் பழுது, ஊசி, பெல்ட் | 12,000 | 14,000 | 18,000 |
| கோவை கொள்முதல் பயணம், பார்சல் | 18,000 | 21,000 | 24,000 |
| போன், பில் புக், பை, உரிமம் | 14,000 | 14,000 | 15,000 |
| கெட்டுப்போன துணிக்கு ஈடு, வராத பாக்கி | 20,000 | 24,000 | 28,000 |
| கடன் வட்டி | 30,600 | 25,100 | 19,000 |
| தேய்மானம் | 26,500 | 22,700 | 19,500 |
| மொத்தச் செலவு | 7,47,700 | 8,73,500 | 9,96,100 |
| நிகர லாபம் | 2,27,300 | 3,13,500 | 4,07,400 |

பீஸ் கூலி: லைனிங் பிளவுஸுக்கு 130, சாதாவுக்கு 65, சுடிதாருக்கு 150, சீருடை செட்டுக்கு 170. முதல் ஆண்டில் ஐந்தில் ஒரு பங்கை நானே தைப்பேன், கட்டிங் முழுக்க என்னுடையது. ஆர்டர் கூடும்போது கட்டிங்கிலேயே என் நேரம் போய்விடும் என்பதால் அடுத்த இரண்டு ஆண்டுகளில் 85 சதவீதம் டெய்லர்கள் கைக்குப் போகிறது. மூன்றாம் ஆண்டில் பீஸ் கூலியைச் சுமார் 10 சதவீதம் ஏற்றியிருக்கிறேன். ஏற்றாவிட்டால் பழகிய டெய்லர் திருப்பூருக்கு இறங்கிவிடுவார்.

ஈடு என்று ஒரு வரி தனியாக இருப்பதைப் பார்த்து வங்கியில் கேட்கக்கூடும். பட்டுச் சேலை பிளவுஸ் ஒன்று கட்டிங்கில் தவறினால் அந்தத் துணி மறுபடி கிடைக்காது. காசு கொடுத்துத்தான் சமாதானம் செய்ய வேண்டும். போன வருடமே எனக்கு அப்படி இரண்டு நடந்தது. இதோடு பாக்கி வராததையும் சேர்த்து வருமானத்தில் 2 சதவீதம் ஒதுக்கியிருக்கிறேன்.

லைனிங் துணியை வெட்டுவதற்கு முன் தண்ணீரில் நனைத்துக் காய வைக்க வேண்டும், இல்லையென்றால் முதல் துவைப்பிலேயே பிளவுஸ் இழுத்துக்கொள்ளும். கோத்தகிரி மூடுபனியில் அது மூன்று நாளானாலும் காயாது, ஐப்பசி மழையில் கேட்கவே வேண்டாம். ஆகவே வெயில் இருக்கும் மார்ச், ஏப்ரலிலேயே அதிகம் கேட்கும் நிறங்களை மொத்தமாக வாங்கி, நனைத்து, காயவைத்து அடுக்கிவிடுவேன். நடைமுறை மூலதனத்தில் பெரிய பங்கு கேட்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

வட்டி 11 சதவீதம், 60 தவணை, மாதம் சுமார் ரூ. 6,523 என்று எடுத்துக்கொண்டேன். மெஷின்களுக்கு 15, மரச்சாமானுக்கு 10 சதவீதத் தேய்மானம், குறைந்து வரும் மதிப்பின் மேல். ஆண்டு வரவு ரூ. 20 லட்சத்துக்குள் இருப்பதால் ஜிஎஸ்டி பதிவு வராது. லாபமும் இப்போதுள்ள வருமான வரி வரம்புக்குள்தான், அதனால் வருமான வரிக்கென்று தனிச் செலவு எழுதவில்லை.

லாபம் கையில் நிற்குமா?

தனி உரிமையாளர் யூனிட் என்பதால் என் சம்பளத்தைச் செலவில் எழுதவில்லை. வீட்டுக்கு எடுப்பதும் அசலும் லாபத்திலிருந்துதான் போகும். தேய்மானம் கையை விட்டுப் போகாத பணம், அதைத் திரும்பக் கூட்டியிருக்கிறேன்.

| விவரம் | 2026-27 | 2027-28 | 2028-29 |
|---|---|---|---|
| நிகர லாபம் + தேய்மானம் | 2,53,800 | 3,36,200 | 4,26,900 |
| வீட்டுச் செலவுக்கு எடுப்பது | 1,44,000 | 1,56,000 | 1,80,000 |
| கடன் அசல் | 47,600 | 53,100 | 59,300 |
| மீதம் | 62,200 | 1,27,100 | 1,87,600 |

முதல் ஆண்டு மீதம் அப்படியே கடைக் கணக்கில் கிடக்கும். ஜூலை, ஆகஸ்ட் வாடகையும் தவணையும் அதிலிருந்துதான்.

இந்த மதிப்பீட்டில் எனக்கே முழு நம்பிக்கை இல்லாத எண் சீருடை. 400 செட் கைவசம் இருக்கும் குடும்பங்களை வைத்துச் சொல்வது. 600 ஆக உயர வேண்டுமானால் புதிதாக இரண்டு பள்ளிகளின் பெற்றோர்கள் வரவேண்டும். வராமல் 2027-28-இலும் 400-லேயே நின்றால் வரவு ரூ. 90,000 குறையும், கூலியும் சரக்கும் ரூ. 35,900 மிச்சமாகும். லாபம் ரூ. 2,59,400-க்கு இறங்கும், மீதம் ரூ. 73,000 ஆகும். அப்போதும் ஒரு தவணை கூடத் தவறாது. ஆனால் மூன்றாம் ஆண்டில் வாங்க நினைத்திருக்கும் காஜா மெஷினைத் தள்ளிப் போட்டுவிடுவேன். அந்த விலை மேலே எந்தக் கணக்கிலும் சேரவில்லை.