மடிப்பாக்கம் கிளவுட் கிச்சன் வெப்சைட்: என்னென்ன வேண்டும்

தம்பி, போனில் பேசியதை எழுதி அனுப்புகிறேன். இதைப் பார்த்து முதல் வடிவம் போடுங்கள்.

சைட்டைத் திறந்ததும் அந்த நேரத்துக்கு அடுப்பில் இருப்பதுதான் தெரியவேண்டும். காலை டிபன் 6.30 முதல் 10.30. மதியம் 12 முதல் 3. மாலை 4 முதல் 6.30 வரை பஜ்ஜி, போண்டா, சுண்டல். இரவு 7 முதல் 10.30. மற்ற வேளை மெனுவை மறைக்க வேண்டாம். மங்கலாகக் காட்டி, "மாலை 4 மணிக்கு" என்று பக்கத்தில் போடுங்கள். நேரத்தை வாடிக்கையாளர் போனிலிருந்து எடுக்காதீர்கள், `Asia/Kolkata` என்றே வைத்துவிடுங்கள். துபாயில் இருக்கும் மகன் இங்கே நங்கநல்லூரில் அம்மாவுக்கு மதியச் சாப்பாடு சொல்வது நமக்கு வழக்கமான ஆர்டர். அவர் போன் ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடும்.

கடைசி ஆர்டர் ஒவ்வொரு வேளைக்கும் முடிகிற நேரத்துக்கு 20 நிமிடம் முன்பு. சாப்பாடு மட்டும் தனி: குழம்பும் பொரியலும் தலைக்கணக்குப் பார்த்து வைக்கிறோம், அதனால் காலை 10.30க்குள் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு வருகிறவருக்கு சாம்பார் சாதம், தயிர் சாதம், அவ்வளவுதான். ஒருவர் 10.28க்குக் கூடையில் போட்டு 10.33க்குப் பணம் கட்டினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பணம் கட்டும் பக்கத்துக்கு வந்துவிட்டால் ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளலாம். பணம் பிடித்த பிறகு "முடிந்துவிட்டது" என்று மட்டும் வரக்கூடாது.

டெலிவரி 5 கி.மீ. ஆனால் வரைபடத்தில் வட்டம் போடாதீர்கள். வட்டத்தில் ஒரு பெரிய துண்டு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் போய் விழும். அங்கே இட்லி கேட்க நாரைகள்தான் இருக்கின்றன. சாலைத் தூரத்தைக் கணக்கில் எடுங்கள். முகவரியை முதலிலேயே கேட்டுவிடுங்கள், எல்லாம் தேர்ந்தெடுத்த பிறகு "உங்கள் பகுதிக்கு இல்லை" என்றால் யாருக்கும் கோபம் வரும். மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நின்றால் 5ஐ 2 ஆக்க எனக்கு ஒரு பட்டன் வேண்டும், போனிலிருந்தே அழுத்துகிற மாதிரி. அதே பக்கத்தில் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் "தீர்ந்தது" பட்டனும்.

ஸ்விகி, ஸொமேட்டோ லிங்க் அவர்கள் முகப்புப் பக்கத்துக்குப் போகக்கூடாது. நம் கடைப் பக்கமே திறக்கவேண்டும், போனில் ஆப் இருந்தால் ஆப்பிலேயே. ஆர்டர் பட்டனுக்கு மேலே அவை வேண்டாம், கீழே சின்னதாக இருக்கட்டும். நம் எல்லைக்கு வெளியே உள்ளவருக்கு மட்டும் பெரிதாகக் காட்டுங்கள், கூடவே "அங்கே டெலிவரி உண்டா என்று ஆப்பில் பார்க்கவும்" என்ற வரியும். கமிஷனால் அங்கே விலை கொஞ்சம் கூடுதல், அதையும் மறைக்காமல் எழுதிவிடலாம்.

எல்லாப் பக்கத்தின் அடியிலும் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமத்தின் 14 இலக்க எண் வரவேண்டும். படங்களுக்குச் சனிக்கிழமை ஆள் வருகிறார். அதுவரை வெறும் பெயரும் விலையும் போதும்.