வினீதா சர்மா தீர்ப்பு: ஒரு வரி, ஒரு பத்தி, ஒரு பக்கம்

மகளின் சொத்துப் பங்கு பற்றிய இந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தக்கலை சட்ட உதவி முகாமுக்காகச் சுருக்கி எழுதியது. வரியை மைக்கில் வாசிக்கலாம், பத்தி நோட்டீசுக்கு, பக்கம் வழக்கு நடத்துகிறவர்கள் கையில் கொடுக்க. இடம் போதவில்லை என்று ‘கூட்டுக் குடும்பச் சொத்து’ என்ற சொல்லையோ 2004-ஆம் வருடத் தேதியையோ வெட்டிவிடாதீர்கள். வெட்டினால் அது வேறு தீர்ப்பாகிவிடும்.

ஒரு வரி

இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பாலேயே சம பங்கு உண்டு, அதற்கு 9.9.2005 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, ஆனால் 20.12.2004-க்கு முன்பே முறைப்படி முடிந்த பாகப்பிரிவினையும் விற்பனையும் உயிலும் செல்லும்.

ஒரு பத்தி

இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு 2005-இல் திருத்தப்பட்டபின், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளும் மகனைப் போலப் பிறப்பாலேயே பங்காளி. திருத்தம் அமலுக்கு வந்த 9.9.2005-க்கு முன்பே அப்பா இறந்திருந்தாலும் இந்த உரிமை போகாது என்று உச்ச நீதிமன்றம் 11.8.2020 அன்று சொன்னது. 20.12.2004-க்கு முன் முறைப்படி முடிந்த பாகப்பிரிவினை, விற்பனை, உயில் ஆகியவற்றை இந்த உரிமை கலைக்காது. வாயால் பிரித்துக்கொண்டோம் என்று வெறுமனே சொன்னால் போதாது.

ஒரு பக்கம்

திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்தால்தான் மகளுக்குப் பங்கா? இதுதான் கேள்வி. பிரகாஷ் எதிர் பூலாவதி வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் ஆமாம் என்றது. தனம்மா வழக்கில் 2018-இல், 2001-லேயே இறந்துபோனவரின் மகள்களுக்கும் பங்கு கொடுத்தது. இரண்டும் முரண்பட்டதால் வினீதா சர்மா வழக்கில் நீதிபதி அருண் மிஸ்ரா தலைமையில் மூன்று நீதிபதிகள் இதை விசாரித்தார்கள்.

அவர்கள் சொன்ன காரணம் எளிமையானது. மகனுக்கு உரிமை அப்பாவின் சாவால் வரவில்லை, பிறப்பால் வருகிறது. மகளுக்கும் அப்படியே என்று சட்டம் சொன்னபிறகு, அப்பா எந்த நாளில் இறந்தார் என்று பார்ப்பதில் பொருளில்லை. திருத்தத்துக்கு முன் பிறந்த மகளுக்கும் இது பொருந்தும். ஆனால் உரிமையைக் கோருவது 9.9.2005 முதல்தான். பூலாவதி தீர்ப்பு ரத்தானது.

20.12.2004-க்கு முன் நடந்த விற்பனை, உயில், பாகப்பிரிவினை அப்படியே நிற்கும். பாகப்பிரிவினை என்றால் பதிவான பத்திரமோ நீதிமன்றத் தீர்ப்பாணையோ இருக்க வேண்டும்.

நம் ஊர்ப் பக்கம் ஆளுக்கொரு தென்னந்தோப்பாகப் பல வருடம் அனுபவித்துவிட்டு, ‘அன்றைக்கே பிரிச்சாச்சு’ என்பார்கள். வாய்மொழிப் பிரிவினையை நீதிமன்றம் பொதுவாக ஏற்காது. அரசு ஆவணங்கள் அதை உறுதிப்படுத்தினால் விதிவிலக்காக ஏற்கலாம். வெறும் வாய்ச் சாட்சியம் செல்லாது. ‘சீதனம் கொடுத்தாச்சே’ என்பதற்கும் தீர்ப்பில் விலக்கு இல்லை.

முதல்நிலைத் தீர்ப்பாணை ஏற்கெனவே வந்திருந்தாலும், இறுதித் தீர்ப்பாணை நிலையிலோ மேல்முறையீட்டிலோ வழக்கு நிலுவையில் இருந்தால் மகளுக்குச் சம பங்கு தர வேண்டும். இப்படித் தேங்கிய வழக்குகளை முடிந்தவரை ஆறு மாதத்துக்குள் முடிக்கும்படியும் நீதிபதிகள் கேட்டுக்கொண்டார்கள்.