தம்பி, அந்தக் கடைசி நாலு வரியைப் பத்தி உங்கிட்ட நேரா கேக்கணும்

நீ எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். மொத தடவை தக்காளி நட்டத்தைப் பத்தி எழுதியிருக்கேன்னுதான் நினைச்சேன். பறிப்புக் கூலிக்கே கட்டல, ராயக்கோட்டை மண்டிக்கு ஏத்திட்டுப் போன தக்காளிப் பெட்டியை அப்படியே ரோட்டோரம் கொட்டிட்டு வந்தேன்னு நீ சொன்னதுல எனக்குப் புதுசா ஒண்ணும் இல்ல. நானும் பாலக்கோடு பக்கம்தான், இருபது வருஷமா தக்காளிதான் போடுறேன். ஆனா கடைசி நாலு வரிதான் என்னை உக்கார விடல. "மாட்டை அக்கா வீட்ல கட்டிட்டேன். வண்டி ஆர்சி புக்கை மாமாகிட்ட குடுத்துட்டேன். எல்லாருக்கும் நன்றி. இனி யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன்."

சுத்தி வளைக்காம கேக்குறேன். உயிரை விட்டுடலாம்னு நினைக்கிறியா? தற்கொலை பண்ணிக்கணும்னு மனசுல ஓடுதா? ஆமான்னா ஆமான்னே சொல்லு. நான் பதற மாட்டேன், திட்ட மாட்டேன், "இதுக்கெல்லாமாடா"ன்னு கேக்க மாட்டேன். அப்படி இல்ல, வெறும் அலுப்புல எழுதினதுதான்னா அதையும் சொல்லு, சந்தோஷம்தான். தப்பா கேட்டுட்டேனேன்னு நான் வருத்தப்படப் போறதில்ல.

இப்போ நீ எங்க இருக்கே? வீட்லயா, கொல்லையிலயா? தனியா இருந்தா எழுந்து வெளிய வா. பக்கத்து வீட்டுத் திண்ணையா இருந்தாலும் சரி, ஆள் இருக்கிற இடமா பாத்து உக்காரு. உன்னை நீயே ஏதாவது பண்ணிக்க எதையாவது எடுத்து வச்சிருந்தா, அதை விட்டுத் தள்ளி வந்துட்டு, வேற ஒருத்தர் கையில அதை எடுத்துக்கச் சொல்லு. மத்ததை அப்புறம் பேசலாம்.

அந்தப் 'பாரம்'ங்கிற வார்த்தை எனக்கு நல்லாத் தெரியும். ஒரு வருஷம் மூணு போகமும் கவுந்துச்சு. சொட்டு நீர்க் குழாய், மல்ச்சிங் ஷீட், நாத்து, குச்சி கட்டின கூலின்னு எல்லாமே கடன். வாரா வாரம் குழுக் கடன் வசூலுக்கு ஆள் வருவாங்க. வாசல்ல பைக் சத்தம் கேட்டாலே வயிறு கலங்கும். அப்போ நான் பண்ணது, எல்லாத்தையும் மனசுக்குள்ள போட்டு மூடிக்கிட்டது. பொண்டாட்டிகிட்ட சொல்லல. சோத்துல கை வச்சுட்டு அப்படியே உக்காந்திருப்பேன். ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா, நான் இல்லன்னா இவங்க நல்லா இருப்பாங்கன்னு ஒரு கணக்கு ஓடும். அந்த நேரத்துல அது ரொம்பச் சரியான கணக்கு மாதிரியே தெரியும் தம்பி. இப்போ உனக்கும் அப்படித்தான் தெரியும். அதனாலதான் சொல்றேன், அந்தக் கணக்கைத் தனியா போடாதே.

எங்க மச்சான்தான் கண்டுபிடிச்சாரு. டீக்கடைக்கு வர்றதை நிறுத்திட்டேன்னு கவனிச்சிருக்காரு. பஸ் ஸ்டாண்டுல கையைப் புடிச்சு உக்கார வச்சு, "என்னய்யா, சாகலாம்னு இருக்கியா"ன்னு கேட்டாரு. அது வரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்ல. ஓன்னு அழுதுட்டேன், அத்தனை சனம் பாக்க. கடன் அன்னைக்கே தீரல. பொய் சொல்லக் கூடாது, தீர நாலு வருஷம் ஆச்சு. ஆனா அந்த ராத்திரி தூங்கினேன். மறுநாள் மச்சான் என்கூட உக்காந்து யாருக்கு எவ்வளவுன்னு ஒரு நோட்டுல எழுதினாரு. நான் மனசுல வச்சிருந்த தொகையை விட நோட்டுல இருந்தது கம்மி.

உனக்கு அந்த ஆள் யாருன்னு நீயே எழுதியிருக்கே. உங்க அக்கா. நாத்து வாங்கக் காசு இல்லன்னதும் கேக்காமலே கம்மலைக் கழட்டிக் குடுத்தாங்கன்னு எழுதியிருக்கே. அதை நினைச்சுத்தான் உனக்குக் குத்துது, புரியுது. ஆனா அவங்க பக்கம் நின்னு பாரு. கம்மல் அடகுல இருக்கிறது அவங்களுக்குத் தெரியும், தெரிஞ்சுதான் குடுத்தாங்க. தெரியாதது ஒண்ணே ஒண்ணு, தம்பி இப்படி இருக்கான்ங்கிறது. அதை மறைக்கிறதால அவங்க பாரம் ஒண்ணும் இறங்கிடாது.

போன் போட்டா என்ன பேசறதுன்னு நா எழாது, எனக்குத் தெரியும். அதனால இதை அப்படியே அனுப்பு: "அக்கா, எனக்கு மனசு சரியில்ல. தப்பான நினைப்பு வருது. தனியா இருக்க பயமா இருக்கு. மாமாவைக் கூட்டிட்டு இப்பவே வா." அவ்வளவு போதும். கடன், வட்டி, மண்டி எதையும் இன்னைக்கு விளக்க வேணாம். காவேரிப்பட்டணத்துல இருந்து வண்டியில வந்தா ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துடுவாங்க. ராத்திரி ஆச்சே, தூங்குவாங்களேன்னு யோசிக்காதே. மாடு கன்னு போடுதுன்னா ராத்திரி கூப்பிட மாட்டியா?

அக்கா எடுக்கலன்னா மாமா. அவரும் எடுக்கலன்னா, உன்கூட வாலிபால் ஆடுற பையன்னு சொன்னியே, அவன். அவன்கிட்ட "வந்து என்கூட படு"ன்னு மட்டும் சொல்லு, காரணம் கேக்காம வருவான்.

அவங்க வர்ற வரைக்கும் பேச ஆள் வேணும்னா 14416 அடி. டெலி மானஸ்னு மத்திய அரசு 2022ல தொடங்கின மனநல உதவி எண். ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பாங்க, காசு இல்ல, தமிழ்லயே பேசலாம். நம்ம மாநில அரசோட 104ம் இருக்கு. நிலைமை கை மீறுதுன்னு தோணுச்சுன்னா ஒரு நிமிஷம் கூட யோசிக்காம 108. பைத்தியம்னு யாரும் எழுதி வச்சுக்க மாட்டாங்க. விடிஞ்சதும் அக்காவோட தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போ, மனநலப் பிரிவுல டாக்டர் பாப்பாரு. தூக்கம் இல்லாம, சாப்பாடு இறங்காம எத்தனை நாளா இருக்கேன்னு சொல்லு. அதுக்கு மருந்து இருக்கு. நான் டாக்டர் இல்ல, உனக்கு என்னன்னு சொல்ற படிப்பு எனக்கு இல்ல. ஆனா தூக்கம் கெட்ட மனசு எடுக்கிற முடிவை நம்பக் கூடாதுன்னு பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடுறேன். யார்கிட்டயும் சொல்லாதீங்கண்ணான்னு நீ கேட்டா அந்த வாக்கு மட்டும் என்னால குடுக்க முடியாது. உன் உயிர் சம்பந்தப்பட்டது. நீ பதிலே போடலன்னா, உன்னை நேர்ல தெரிஞ்சவங்க யாருன்னு விசாரிச்சு உன் வீட்டுக்கு அனுப்பத்தான் பாப்பேன். கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல.

கடனைப் பத்திப் பேசறதுக்கு நானும் வர்றேன். நோட்டு எடுத்து உக்காருவோம், குழுக் கடன்காரங்ககிட்ட தவணை கேக்கும்போதும் கூட நிக்கறேன். அது அடுத்த வாரம். இப்போ மொதல்ல அக்காவுக்கு அனுப்பு.

அனுப்பிட்டு எனக்கு ஒரு 'ம்' போடு. காலையில நாலு மணிக்கு நான் மண்டிக்குக் கிளம்பணும், எப்படியும் தூங்கப் போறதில்ல. போனைக் கையிலயே வச்சிருக்கேன்.